துபாய் சம்பளம், தென்காசி வாடகை: எந்தப் பணம் எந்தக் கணக்கில்?

துபாயில் ஏசி பராமரிப்பு நிறுவனம் ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கும் தென்காசிக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சம்பளத்தில் மிச்சம் பிடித்து மாதாமாதம் ஊருக்கு அனுப்புகிறார். ஊரில் அவர் பெயரில் உள்ள வீட்டிலிருந்து மாதம் 12,000 ரூபாய் வாடகை வருகிறது. அப்பா காலத்துக்குப் பிறகு அவர் பங்குக்கு வந்த வீட்டு மனை ஒன்றை 30 லட்சத்துக்கு விற்கப் பேச்சு நடக்கிறது.

அவரைப் பொறுத்தவரை சம்பளம், வாடகை, மனை விற்ற காசு மூன்றும் ஒன்றுதான். எல்லாம் அவருடைய பணம். ஆனால் இந்தியாவின் அந்நியச் செலாவணிச் சட்டம், அதாவது ஃபெமா, அப்படிப் பார்ப்பதில்லை. சம்பளம் வெளிநாட்டில் பிறந்த பணம். மற்ற இரண்டும் இந்தியாவில் பிறந்தவை. பிறந்த இடத்தைப் பொறுத்து அவை போய்ச் சேர வேண்டிய வங்கிக் கணக்கு மாறும். கணக்கு மாறினால் வட்டிக்கு விழும் வரி மாறும். பின்னாளில் அந்தப் பணத்தைத் திரும்ப வெளிநாட்டுக்குக் கொண்டுபோவது எளிதா, அலைச்சலா என்பதும் மாறும்.

என்ஆர்இ, என்ஆர்ஓ என்று வங்கி ஊழியர் வேகமாகச் சொல்லிவிட்டுப் போகும் இரண்டு கணக்குகளின் கதை இதுதான்.

விமானம் ஏறிய நாளிலிருந்து

வெளிநாடு வாழ் இந்தியர் ஆவதற்கு 182 நாள் வெளியே இருக்க வேண்டும் என்பது பலரின் எண்ணம். அது வருமான வரிச் சட்டத்தில் வரும் நாள் கணக்கு. வங்கிக் கணக்கைத் தீர்மானிப்பது ஃபெமா. வேலைக்காகவோ தொழிலுக்காகவோ ஒருவர் நாட்டை விட்டுக் கிளம்பினால், கிளம்பியதிலிருந்தே ஃபெமா அவரை வெளிநாட்டில் வசிப்பவராகக் கருதுகிறது. ஆறு மாதம் காத்திருக்கும் பேச்சே இல்லை.

அப்படியானால் ஊரில் அவர் வைத்திருந்த சாதாரண சேமிப்புக் கணக்கு? அதை அப்படியே வைத்திருக்க முடியாது. வங்கிக்குத் தெரியப்படுத்தி, பாஸ்போர்ட், விசா, வெளிநாட்டு முகவரிச் சான்று ஆகியவற்றைக் கொடுத்து என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். உள்ளே இருக்கும் பணம் அப்படியே இருக்கும். கணக்கின் வகை மட்டும் மாறும்.

வளைகுடாவுக்குப் போகிறவர்களில் பலர் இதைச் செய்வதில்லை. எக்ஸ்சேஞ்சில் கேட்பது பெயர், கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி குறியீடு. பழைய கணக்கு எண்ணைக் கொடுத்தாலும் பணம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. யாரும் கேள்வி கேட்பதில்லை. அதனால் ஆண்டுக்கணக்கில் அப்படியே ஓடுகிறது. சிக்கல் பெரும்பாலும் பிறகுதான் தலைகாட்டும்: வீடு வாங்கும்போது, பெரிய தொகையை வெளியே எடுக்க முயலும்போது, கேஒய்சி புதுப்பிக்கச் சொல்லி வங்கி கேட்கும்போது. ஃபெமா மீறலுக்கு, சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் அபராதத்துக்கு முன்பே ஒரு நஷ்டம் நடந்து முடிந்திருக்கும். அத்தனை ஆண்டும் வரியில்லாமல் பெற்றிருக்க வேண்டிய வட்டிக்கு அவர் வரி கட்டியிருப்பார்.

ஒருவழிப் பாதை

என்ஆர்இ கணக்கு வெளிநாட்டுச் சம்பாத்தியத்துக்கானது. துபாயிலிருந்து வங்கி வழியாகவோ எக்ஸ்சேஞ்ச் வழியாகவோ வரும் பணம் இதில் சேரும். விடுமுறையில் வரும்போது கையில் கொண்டுவந்த வெளிநாட்டு நோட்டைக்கூட இதில் கட்டலாம். ஆனால் 5,000 டாலர் மதிப்புக்கு மேல் நோட்டாகக் கொண்டுவந்தால், விமான நிலையத்தில் சுங்கத்துறையிடம் அறிவித்த படிவம் வேண்டும். இன்னொரு என்ஆர்இ கணக்கிலிருந்தும் பணம் வரலாம். கணக்கு நடப்பது ரூபாயில்தான். வந்த திர்ஹம், வந்த நாளின் விலையில் ரூபாயாக மாறி உட்கார்ந்துகொள்ளும்.

என்ஆர்ஓ கணக்கு இந்தியாவில் கிடைக்கும் வருமானத்துக்கானது. வாடகை, பென்ஷன், பங்குகளின் டிவிடெண்ட், சொத்து விற்ற பணம், ஊரில் இருக்கும் அப்பாவோ அண்ணனோ அன்பளிப்பாகத் தரும் ரூபாய் எல்லாம் இங்கே வரும். வெளிநாட்டுப் பணத்தையும் இதில் போடலாம், தடையில்லை.

இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒருவழிப் பாதை. என்ஆர்இயிலிருந்து என்ஆர்ஓவுக்கு எவ்வளவு வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். காகிதம் எதுவும் வேண்டாம். என்ஆர்ஓவிலிருந்து என்ஆர்இக்கு மாற்ற வேண்டுமானால் உச்சவரம்பு உண்டு, வரி கட்டியதற்கு ஆதாரம் உண்டு, ஆடிட்டர் சான்று உண்டு. துபாயில் உழைத்துச் சம்பாதித்த பணமாகவே இருந்தாலும், ஒருமுறை என்ஆர்ஓவுக்குள் போய்விட்டால் உள்ளூர்ப் பணத்தோடு கலந்துவிடும். பிறகு அதுவும் உள்ளூர்ப் பணம் போகிற வழியில்தான் வெளியே வர வேண்டும்.

நடைமுறையில் தவறு நடப்பது பெரும்பாலும் சின்னத் தொகைகளில்தான். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மச்சான், "மாமா, வாடகையை உங்க அக்கவுண்ட்லயே போட்டுட்டேன்" என்று போனில் சொல்வார். எந்த அக்கவுண்ட் என்று கேட்டால், சம்பளம் வரும் என்ஆர்இ எண்ணைச் சொல்வார். அந்த எண்தான் அவர் போனில் பதிந்திருக்கும். ஊரில் இருப்பவர் ரூபாயை நேராக என்ஆர்இ கணக்கில் கட்டக் கூடாது. ரொக்கமாகவும் கூடாது, யுபிஐ வழியாகவும் கூடாது. கைமாற்றாக வாங்கிய பத்தாயிரத்தை நண்பர் திருப்பித் தருவதற்கும் இதே விதி. வரி செலுத்தப்பட்டது வங்கிக்குத் திருப்தியானால் வாடகை போன்ற நடப்பு வருமானத்தை என்ஆர்இயில் சேர்க்க விதியில் இடமிருக்கிறது. ஆனால் அது வங்கி சரிபார்த்துச் செய்கிற காரியம். மச்சான் போனில் தட்டிவிடுகிற காரியம் இல்லை. ஊரில் பணம் கையாளும் எல்லோரிடமும் என்ஆர்ஓ எண்ணை மட்டும் கொடுத்துவைப்பதே எளிய தீர்வு.

ஒரே வட்டி, கைக்கு வருவது வேறு

வங்கியின் வட்டிப் பட்டியலைப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு கணக்குக்கும் ஒரே விகிதம் போட்டிருக்கும். உள்ளூர்க்காரர்களின் டெபாசிட்டுக்குத் தருவதைவிட இந்த இரண்டுக்கும் அதிகம் தரக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் பொதுவான விதி. அதனால் வித்தியாசம் வட்டி விகிதத்தில் இல்லை. அதன் மீது விழும் வரியில் இருக்கிறது.

என்ஆர்இ வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி கிடையாது. ஃபெமா கணக்கில் வெளிநாட்டில் வசிப்பவராக இருக்கும் வரை இந்தச் சலுகை உண்டு. என்ஆர்ஓ வட்டிக்கு வரி உண்டு. அதைக் கொடுக்கும்போதே வங்கி 30 சதவீதம் வரியும், அந்த வரியின் மேல் 4 சதவீதம் செஸ்ஸும் பிடித்துக்கொள்ளும். மொத்தம் 31.2 சதவீதம். ஊரில் இருப்பவர்களுக்கு, ஓர் ஆண்டில் வட்டி குறிப்பிட்ட தொகையைத் தாண்டினால்தான் டிடிஎஸ் பிடிப்பார்கள். என்ஆர்ஓவுக்கு அந்த வரம்பு இல்லை. முதல் ரூபாயிலிருந்தே பிடித்தம்தான். சேமிப்புக் கணக்கில் வரும் சில்லறை வட்டிக்கும் சேர்த்து.

நம் தென்காசிக்காரர் 5 லட்சம் ரூபாயை ஓர் ஆண்டு டெபாசிட்டில் போடுகிறார் என்று கொள்வோம். வட்டி 6.5 சதவீதம். கணக்கு எளிதாக இருக்கத் தனிவட்டியாகவே போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 32,500 ரூபாய். என்ஆர்இ டெபாசிட்டில் இருந்தால் 32,500 ரூபாயும் கைக்கு வரும். என்ஆர்ஓ டெபாசிட்டில் இருந்தால் 10,140 ரூபாய் வரியாகப் போய், 22,360 ரூபாய் வரும். அதாவது 6.5 சதவீதம் என்று சொன்ன டெபாசிட், கையில் தந்தது கிட்டத்தட்ட 4.5 சதவீதம்.

என்ஆர்இ டெபாசிட்டில் ஒரு நிபந்தனையை மறக்கக் கூடாது. அதன் குறைந்தபட்சக் காலம் ஓர் ஆண்டு. அதற்குள் உடைத்தால் வட்டியே கிடைக்காது. அபராதமாகக் கொஞ்சம் குறைப்பார்கள் என்று நினைத்து 11ஆவது மாதத்தில் போய் நிற்பவர் அசலை மட்டும் வாங்கிக்கொண்டு வருவார். என்ஆர்ஓ டெபாசிட்டை 7 நாளிலிருந்தே போடலாம். மூன்று மாதத்தில் தங்கைக்குக் கல்யாணம், பணம் தேவைப்படும் என்று தெரிந்தால், அந்தத் தொகையை என்ஆர்இ டெபாசிட்டில் பூட்டாமல் என்ஆர்இ சேமிப்புக் கணக்கிலேயே விட்டுவைப்பது நல்லது. வட்டி குறைவு என்றாலும் அதற்கும் வரி கிடையாது.

வரியில்லை என்பது இந்தியாவுக்கு மட்டும்தான். அமீரகத்தில் தனிநபர் வருமான வரி இல்லாததால் நம்மவருக்கு அது முழுச் சலுகை. அவருடைய தம்பி அமெரிக்காவில் இருந்தால் கதை வேறு. அமெரிக்காவில் வரி வசிப்பாளராக இருப்பவர் உலகில் எங்கே கிடைத்த வட்டியையும் அங்கே கணக்கில் காட்ட வேண்டும். இந்தியாவில் விலக்குப் பெற்ற என்ஆர்இ வட்டியும் அதில் சேரும். வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டில் எப்போதாவது 10,000 டாலரைத் தாண்டினால், அந்தக் கணக்குகளைப் பற்றித் தனியே தகவல் தாக்கல் செய்யவும் வேண்டும்.

பிடித்த வரி போனதா, திரும்புமா?

31.2 சதவீதம் என்றதும் பலர் அதுதான் தன் வரி என்று எண்ணிவிடுகிறார்கள். அது முன்கூட்டியே பிடித்துவைக்கும் தொகை மட்டுமே. உண்மையான வரி, ஆண்டு முடிந்து ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போதுதான் தீர்மானமாகும்.

நம்மவரின் வாடகையையே பார்ப்போம். வீட்டுக்காரர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால், வாடகை கொடுப்பவர் அதிலும் 31.2 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். 12,000 ரூபாயில் 3,744 பிடித்து, 8,256 ரூபாயை என்ஆர்ஓ கணக்கில் போட வேண்டும். இதற்கும் குறைந்தபட்ச வரம்பு கிடையாது. தென்காசியில் குடியிருக்கும் எத்தனை பேருக்கு இது தெரியும் என்பது வேறு விஷயம். பிடிக்காவிட்டால் பொறுப்பு வாடகைதாரர் தலையில் விழும். அதனால் ஒப்பந்தம் எழுதும்போதே வீட்டுக்காரர் தன் நிலையைச் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

ஓர் ஆண்டில் இப்படிப் பிடித்தது 44,928 ரூபாய். இனி ரிட்டர்ன் கணக்கு. ஆண்டு வாடகை 1,44,000. அதில் 30 சதவீதம் பராமரிப்புக் கழிவாகப் போனால் மிச்சம் 1,00,800. இதோடு என்ஆர்ஓ டெபாசிட் வட்டி 32,500 சேர்ந்தால் 1,33,300 ரூபாய். புதிய வரி முறையில் 2025-26 நிதியாண்டிலிருந்து 4 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை. வெளிநாடு வாழ் இந்தியருக்கும் இந்த அடிப்படை விலக்கு உண்டு. ஆக, இந்த வருமானத்துக்கு அவர் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். வாடகையில் பிடித்த 44,928 ரூபாயும், வட்டியில் பிடித்த 10,140 ரூபாயும் ரிட்டர்ன் போட்டால் ரீஃபண்டாகத் திரும்பி வரும். ரிட்டர்ன் போடாவிட்டால் வராது. யாரும் தேடி வந்து கொடுக்க மாட்டார்கள்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்று செய்திகளில் படித்துவிட்டு, அது தனக்கும் பொருந்தும் என்று இங்கிருப்பவர்கள் போலவே அவரும் நினைக்கலாம். பொருந்தாது. அந்த 12 லட்சம் தள்ளுபடியால் கிடைப்பது; தள்ளுபடி இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டும். அவருக்கு 4 லட்சம்தான் எல்லை.

ரீஃபண்டுக்குக் காத்திருக்க விரும்பாதவருக்கு இன்னொரு வழி உண்டு. இந்தியாவுக்கும் அமீரகத்துக்கும் இடையே இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது. அதன்படி இப்படிப்பட்ட வட்டிக்கு இந்தியா 12.5 சதவீதம்தான் விதிக்கலாம். 32,500 ரூபாய் வட்டியில் பிடித்தம் 10,140லிருந்து ஏறக்குறைய 4,063 ரூபாயாகக் குறையும். ஆனால் இது தானாக நடக்காது. அந்த ஆண்டுக்கான வரி வசிப்புச் சான்றிதழை அமீரகத்தின் ஃபெடரல் வரி ஆணையத்திடம் வாங்க வேண்டும். இந்திய வருமான வரித் தளத்தில் ஒரு படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். இரண்டையும் வங்கியிடம் கொடுக்க வேண்டும். சான்றிதழ் ஆண்டுக்கு ஆண்டு புதிது. மறுவருஷம் கொடுக்க மறந்தால், வங்கியின் கணினி சத்தமில்லாமல் 31.2க்குத் திரும்பிவிடும். சான்றிதழுக்குக் கட்டணமும் உண்டு என்பதால், சின்னத் தொகைக்கு இந்த வழி கட்டுப்படியாகுமா என்று முதலில் கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டும்.

எவ்வளவு பிடித்தார்கள் என்று அறிய வங்கியைக் கேட்க வேண்டியதில்லை. வருமான வரித் தளத்தில் பான் எண்ணுடன் உள்ளே போனால், வங்கி பிடித்ததும் வாடகைதாரர் பிடித்ததும் தனித்தனியாக இருக்கும். வாடகைதாரர் பிடித்துவிட்டு அரசுக்குக் கட்டாமல் இருந்தால் அதுவும் அங்கேதான் தெரியும். அவர் வரி அங்கே பதிவாகியிருக்காது.

ரூபாய் இறங்கும்போது

என்ஆர்இ வட்டிக்கு வரி இல்லை, பணத்தை எப்போது வேண்டுமானாலும் வெளியே கொண்டுபோகலாம். அப்படியிருக்க அதில் அபாயமே இல்லையா? ஒன்று உண்டு. கணக்கு ரூபாயில் நடப்பதால், ரூபாயின் மதிப்பு இறங்கினால் நஷ்டம் கணக்குக்காரருக்கு.

திர்ஹத்துக்கு 23 ரூபாய் கிடைத்த நாளில் 5 லட்சம் அனுப்பினார் என்று வைப்போம். அதற்கு அவர் கொடுத்தது சுமார் 21,739 திர்ஹம். ஓர் ஆண்டில் வட்டியோடு 5,32,500 ரூபாய். இந்த இடைவெளியில் திர்ஹம் 24.50 ரூபாய்க்கு ஏறியிருந்தால், அந்தப் பணத்தைத் திரும்ப மாற்றும்போது கிடைப்பது சுமார் 21,735 திர்ஹம். பாஸ்புக்கில் 32,500 ரூபாய் கூடியிருக்கிறது. திர்ஹத்தில் பார்த்தால் போட்டதைவிட நாலு குறைவு. மாற்றுக் கட்டணத்தை இன்னும் சேர்க்கவே இல்லை.

ஊரில் வீடு கட்டவோ, பிள்ளைகள் படிப்புக்கோ செலவாகப் போகும் பணம் என்றால் இது பெரிதாகப் பாதிக்காது. செலவும் ரூபாயில்தானே! திரும்ப வெளிநாட்டுக்கே எடுத்துப் போகும் எண்ணம் இருந்தால் மட்டுமே யோசிக்க வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்காக எஃப்சிஎன்ஆர் என்று மூன்றாவது ஒன்று இருக்கிறது. ஓர் ஆண்டு முதல் ஐந்தாண்டு வரையிலான, வெளிநாட்டு நாணயத்திலேயே நடக்கும் டெபாசிட் அது. டாலரில் போட்டால் டாலரில் திரும்பும். அதன் வட்டிக்கும் இந்தியாவில் வரி இல்லை. திர்ஹத்தின் மதிப்பு டாலருக்கு 3.6725 என்று கட்டிவைக்கப்பட்டிருப்பதால், அமீரகத்தில் இருப்பவருக்கு டாலர் டெபாசிட்டும் திர்ஹம் டெபாசிட்டும் ஏறத்தாழ ஒன்றுதான்.

மனை விற்ற பணம் துபாய் போகும் வழி

இனி அந்த 30 லட்சம். மனை நீண்டகாலமாகக் குடும்பத்தில் இருந்தது என்பதால், விற்ற லாபத்துக்கு வரி 12.5 சதவீதம், செஸ்ஸோடு 13 சதவீதம். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால், வாங்குபவர் அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தருவார். லாபம் எவ்வளவு என்பது வாங்குபவருக்குத் தெரியாது என்பதால், வழக்கமாக மொத்த விலையிலேயே பிடிப்பார்கள். 30 லட்சத்தில் 13 சதவீதம் 3,90,000 ரூபாய். என்ஆர்ஓ கணக்குக்கு வருவது 26,10,000 ரூபாய்.

மனையின் அடக்கவிலையாக 8 லட்சம் ஏற்கப்பட்டால், லாபம் 22 லட்சம். உண்மையான வரி 2,86,000. அதிகமாகப் பிடித்த 1,04,000 ரூபாயை ரிட்டர்னில் திரும்பப் பெறலாம். பத்திரம் பதிவதற்கு முன்பே வருமான வரி அதிகாரியிடம் குறைந்த பிடித்தத்துக்கான சான்று வாங்கிவிட்டால், பணம் மாட்டிக்கொள்ளாமலே தப்பலாம். அதற்குச் சில வாரம் ஆகும் என்பதால், அட்வான்ஸ் வாங்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். இந்த லாபத்தை அடிப்படை விலக்கான 4 லட்சத்துக்குள் அடக்கிக் காட்டவும் வெளிநாட்டில் வசிப்பவருக்கு வழியில்லை. வேறு வருமானம் குறைவாக இருந்தாலும் லாபம் முழுவதற்கும் வரி உண்டு.

என்ஆர்ஓவில் வந்து நிற்கும் 26,10,000 ரூபாயை இனி வெளியே அனுப்பலாம், அல்லது என்ஆர்இக்கு மாற்றலாம். இரண்டுக்கும் விதி ஒன்று: ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான ஒரு நிதியாண்டில், எல்லா வங்கிகளிலும் உள்ள என்ஆர்ஓ கணக்குகளைச் சேர்த்து 10 லட்சம் டாலர் வரைதான். சாதாரணக் குடும்பத்துக்கு இந்த உச்சவரம்பு எட்டாத உயரம். அவர்களை நிறுத்திவைப்பது காகிதம்தான்.

ஆடிட்டர் பத்திர நகல், வரி பிடித்த விவரம், பாகப்பிரிவினை அல்லது வாரிசு ஆவணம் ஆகியவற்றைப் பார்த்து, வரி ஒழுங்காகக் கட்டப்பட்டதென்று சான்று தருவார். வங்கிகளில் 15சிபி என்று பழகிப்போன படிவம் அது. அதை வைத்து வருமான வரித் தளத்தில் கணக்குக்காரர் தன் அறிவிப்பைத் தாக்கல் செய்வார். அது 15சிஏ. இரண்டோடும், பணம் எதிலிருந்து வந்தது என்பதற்கான ஆவணங்களோடும் வங்கியில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். வங்கி, கணக்கு விவரத்தை எடுத்துவைத்துக்கொண்டு, இந்தத் தொகை உண்மையிலேயே மனை விற்ற பணமா என்று பார்க்கும். கடனாக வாங்கிய பணத்தை இந்த வழியில் அனுப்ப முடியாது.

விண்ணப்பம் திரும்பி வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கணக்கில் வாடகை, அப்பா கொடுத்தது, நண்பர் திருப்பித் தந்தது, துபாயிலிருந்து தவறுதலாக அனுப்பிய சம்பளம் எல்லாம் கலந்து கிடக்கும். எந்த ரூபாய் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் சொத்து விற்பவர்கள் அதற்கென்று தனியாக ஓர் என்ஆர்ஓ கணக்கைத் திறந்து, விற்ற பணத்தை மட்டும் அதில் வாங்குவது உண்டு. விவரத்தாளில் ஒரே வரவு, ஒரே பத்திரம். ஆடிட்டருக்கும் வங்கிக்கும் வேலை சுலபம்.

வாடகை, வட்டி, பென்ஷன் போன்ற நடப்பு வருமானம் இந்த 10 லட்சம் டாலர் வரம்புக்குள் வராது. வரி போக மீதியைத் தாராளமாக அனுப்பலாம். ஆனால் வரி கட்டியதற்கான ஆதாரம் அதற்கும் வேண்டும்.

மனைவி கணக்குக்கு அனுப்பினால் என்ன?

இவ்வளவு சிக்கல் எதற்கு, மனைவியின் சேமிப்புக் கணக்குக்கே அனுப்பிவிடலாமே என்பதுதான் பல வீடுகளில் நடப்பது. குடும்பச் செலவுக்கு அனுப்புவதில் ஒரு தவறும் இல்லை. அதற்கு வரியும் இல்லை. மிச்சமாகும் பணத்தை அவர் தன் பெயரில் டெபாசிட் போடும்போதுதான் விஷயம் மாறுகிறது. கணவன் கொடுத்த பணத்தில் மனைவிக்கு வரும் வட்டியை, வருமான வரிச் சட்டம் கணவனின் வருமானத்தில் சேர்த்துவிடும். என்ஆர்இயில் இருந்திருந்தால் வரியே இல்லாத வட்டி, இப்போது வரி விழும் வருமானமாகிறது. அந்தப் பணத்தைப் பின்னாளில் துபாய்க்கு அனுப்ப வேண்டுமென்றால், அது இந்தியாவில் வசிப்பவர் வெளிநாட்டுக்கு அனுப்பும் பணமாகிவிடும். அதற்கு ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரம்பும் தனி விதிகளும் உண்டு.

மனைவியிடம் கணக்கின் பிடி இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால், அதை என்ஆர்இ கணக்கிலேயே செய்யலாம். அவரைக் கூட்டுக் கணக்குதாரராகச் சேர்க்க விதி இடம் தருகிறது. ஆனால் முதல் பெயர் கணவருடையதாக இருக்க வேண்டும். அவர் காலத்தில் கணக்கு அவருடையது. அவருக்குப் பிறகு மனைவிக்கு. இடைக்காலத்தில் மனைவி பவர் பத்திரம் பெற்று, பள்ளிக் கட்டணம், மளிகை, மின்கட்டணம் என்று உள்ளூர்ச் செலவுகளுக்குப் பணம் எடுக்கலாம். அந்தப் பவரை வைத்து யாருக்கும் அன்பளிப்புக் கொடுக்கவோ, வேறு யாருக்கும் வெளிநாட்டுக்கு அனுப்பவோ முடியாது.

ஊர் திரும்பும்போது

ஒருநாள் விசா முடிந்து, இனி தென்காசிதான் என்று முடிவு செய்து அவர் திரும்புகிறார். போகும்போது இருந்த அதே விதி இப்போது தலைகீழாக வேலை செய்கிறது. நிரந்தரமாகத் தங்க வந்ததுமே ஃபெமா அவரை உள்ளூர்க்காரராகப் பார்க்கத் தொடங்கிவிடும். இரண்டு கணக்குகளையும் சாதாரணக் கணக்காக மாற்றச் சொல்லி வங்கிக்கு எழுத வேண்டும். வெளிநாட்டு நாணயத்திலேயே பணத்தை வைத்திருக்க விரும்பினால், என்ஆர்இ இருப்பை ஆர்எஃப்சி என்ற கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம்.

டெபாசிட் முதிர இன்னும் இரண்டு ஆண்டு இருக்கிறதே, அதுவரை வரியில்லாமல் ஓடட்டும் என்று வங்கியிடம் சொல்லாமல் இருந்துவிடுகிறவர்கள் உண்டு. பேசிய வட்டி தொடரலாம். வரி விலக்கு தொடராது. வங்கி டிடிஎஸ் பிடிக்காததால் வரி இல்லை என்று ஆகிவிடாது. பிறகு வருமான வரித்துறையிலிருந்து கேள்வி வரும்போது, வரியோடு அதற்கான வட்டியும் சேர்ந்து நிற்கும்.

வந்து இறங்கிய முதல் வாரத்திலேயே பாஸ்போர்ட்டில் வருகை முத்திரை விழுந்த பக்கத்தை நகலெடுத்துக்கொண்டு வங்கிக்கு ஒரு நடை போய்வருவது நல்லது. கூடவே பழைய என்ஆர்இ கணக்கின் விவரத்தாளையும், எக்ஸ்சேஞ்ச் கொடுத்த ரசீதுகளையும் ஒரு கோப்பில் போட்டு வைக்க வேண்டும். சில ஆண்டு கழித்து அவர் வீடு வாங்கும்போது "இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது?" என்று யாராவது கேட்டால், துபாயில் உழைத்த காசு என்பதற்கு அந்தக் கோப்புதான் சாட்சி.